பெயரில் நூறு

கணக்கில் தோற்றவன் முழங்காலில் நின்றுதான் படிக்க வேண்டும் என்பது வின்சென்ட் வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் வின்சென்ட். அதற்குக் கட்டுப்பட்டவன் அவருடைய மகன் பாக்கியசாமி. பதினேழு வயது, மீசை அரும்பிவிட்ட பிள்ளை. பினாங்கு ரோட்டுச் சவேரியார் கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்த வரிசை வீட்டின் சிமெண்டுத் தரையில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முழங்கால் போட்டுவிடுவான். எதிரே ஒரு சாய்வுப் பெட்டி. அதன்மேல் தப்பாய்ப் போன கணக்குகளின் சரியான விடைகளை ஒவ்வொன்றும் இருபத்தைந்து தடவை எழுதுவான். எழுதி முடித்ததும் தகப்பனார் வந்து பார்த்து, “இனிமே வராது” என்பார். கோயிலில் பாவமன்னிப்புக் கொடுக்கும் சாமியாருக்குக்கூட அவ்வளவு நிச்சயம் இருக்காது.

ஆனால் தப்பு வந்துகொண்டேதான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

டிசம்பரில் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை. யார் யார் பெயரைச் சீமைக்கு அனுப்பலாம் என்று பொறுக்குவதற்காகப் பிரதர்மார் பள்ளிக்கூடத்தில் ஜூலையிலேயே ஒரு முன்பரீட்சை வைப்பார்கள். பாக்கியசாமி மற்ற பாடங்களில் எல்லாம் தேறிவிட்டுக் கணக்கில் குப்புற விழுந்தான். வகுப்புப் பிரதர் அயர்லாந்துக்காரர், முன்கோபி, ஆனால் ஈரநெஞ்சுக்காரர். ஆகஸ்டு இரண்டாம் சனிக்கிழமை அவனுக்கு மட்டும் ஒரு மறுபரீட்சை வைப்பதாகவும், அதிலும் தோற்றால் பெயர் போகாது என்றும் சொல்லிவிட்டார்.

பெயர் போகாவிட்டால் அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாமே என்று வேறு யாராவது சொல்லலாம். பாக்கியசாமிக்கு அடுத்த வருஷம் கிடையாது. ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த 1931 அது. துறைமுகத்து வெல்ட் கீ தெருவில் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் டாச்சிங் என்கிற நிறைகோலைப் பிடித்து ரப்பரும் கொப்பரையும் நிறுத்துக்கொண்டிருந்த வின்சென்டுக்கு ஈஸ்டரோடு வேலை போய்விட்டது. நிறுக்க ஆள் வேண்டுமானால் நிறுக்கச் சரக்கு வேண்டுமே. வேலையில்லாதவர்களைச் சர்க்கார் கப்பலேற்றி நாகப்பட்டணத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வின்சென்ட் தன் பெயரையும் இரண்டு பிள்ளைகள் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார். பெண்டாட்டி காய்ச்சலில் போய் வருஷமாகியிருந்தது. அவரைப் பிடித்து நிறுத்த இங்கே யாரும் இல்லை.

ஒரே ஒரு விலக்கு வைத்தார். மகன் பெயர் கேம்பிரிட்ஜுக்குப் போனால், அவன் மட்டும் இதே ஊரில் இருந்த மார்த்தா அத்தை வீட்டில் தங்கிப் பரீட்சை எழுதலாம். போகாவிட்டால் மூன்று பேரும் கப்பல். இதை அவர் மகனிடம் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார். மகள் அக்னஸுக்கு ஒன்பது வயது; அவளுக்குக் கப்பல் விஷயம் மட்டும் தெரியும். அண்ணன் பாஸ் பண்ண வேண்டும் என்பதுதான் அவள் ஜெபம். மாதா திருநாளுக்கு முந்திய நவநாளில் தினமும் மெழுகுவர்த்தி முன்னால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாக்கியசாமி பினாங்கில் பிறந்தவன். நாகப்பட்டணத்தை அவன் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பாதிப் படிப்போடு அங்கே போய் இறங்கினால் தன்னை யார் ஏனென்று கேட்பார்கள் என்று நினைக்க நினைக்க அவனுக்குக் குலை நடுங்கியது. அந்த நடுக்கத்தில்தான் சிங்கப்பூருக்குக் கடிதம் எழுதினான்.

அங்கே மருத்துவக் கல்லூரியில் பரமநாதன் படித்துக்கொண்டிருந்தான். இதே பள்ளிக்கூடத்தில் பாக்கியசாமிக்கு மூன்று வகுப்பு மூத்தவன். ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி ஒருவரின் மகன், யாழ்ப்பாணத்துக் குடும்பம், நாக்கு நீளம். பள்ளியில் இருந்த காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் மரத்தடியில் கணக்குச் சொல்லித் தருவான், கூடவே திட்டவும் செய்வான். அவனுக்குத்தான் பாக்கியசாமி தன் ஒன்பது தப்புகளையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதி, நான் என்ன செய்தாலும் தப்பு திரும்பத் திரும்ப வருகிறது அண்ணே, எனக்கு மூளை இல்லையா என்று கேட்டிருந்தான்.

மறுபரீட்சை வாரத்தின் செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. இங்கிலீஷில் எழுதுகிற ஆள், இதைத் தமிழில் எழுதியிருந்தான்.

‘அன்புள்ள தம்பி பாக்கியசாமிக்கு,

இங்கிலீஷில் எழுதினால் எனக்கு மரியாதை வந்துவிடும். உன்னைத் திட்ட வேண்டியிருப்பதால் தமிழ்.

ஒன்பது தப்புக்கும் ஒரே காரணம் எழுதியிருக்கிறாய். ஒன்பது நோயாளிகள் வந்தாலும் ஒன்பது பேருக்கும் ‘உடம்பு சரியில்லை’ என்று சீட்டு எழுதிக் கொடுக்கிற டாக்டரை நீ என்ன சொல்வாய்? கவனக்குறைவு என்பது காரணம் அல்ல; காரணத்தைத் தேடச் சோம்பல்பட்டவன் போடுகிற கையெழுத்து. கோபிக்காதே, நீ உங்கள் கோயிலில் செய்வதைக் கணக்கிலும் செய்கிறாய். தப்பை அறிக்கையிடுகிறாய், இருபத்தைந்து தடவை எழுதித் தண்டனையை நிறைவேற்றுகிறாய், மனம் லேசாகிவிடுகிறது. பாவத்துக்கு அது போதுமோ என்னவோ, கணக்குக்குப் போதாது. சரியான விடையைப் பார்த்து எழுதும்போது உன் கை மட்டும்தான் வேலை செய்கிறது. தப்புச் செய்த மூளை பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது.

ஒன்றை நம்பு. யாரும் சும்மா தப்புப் போடுவதில்லை. நீ எழுதிய தப்பான விடை வேறு ஏதோ ஒரு கேள்விக்குச் சரியான விடை. அந்தக் கேள்வி எது என்று கண்டுபிடி. விடைத்தாளை எடு. தப்பான வரியில் விரலை வை. சரியானதைப் பார்க்காதே. இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று வாய்விட்டுச் சொல். எந்தப் பாஷையில் நினைத்தாயோ அந்தப் பாஷையிலேயே சொல். காரணம் தெரிந்ததும், ஒரே காரணத்தில் பிறந்ததையெல்லாம் ஒன்றாகச் சேர். ஒன்பது தப்பு என்று பயந்தது இரண்டோ மூன்றோதான் என்று தெரியும். பிறகு அதே கணக்கை வெற்றுத்தாளில் போடு. இரண்டு நாள் விட்டு மறுபடி போடு. அப்போதும் சரியாக வந்தால்தான் அது உன்னுடையது.

இன்னொன்று. தெரியாமலே குருட்டடியில் சரியாய்ப் போனது சில இருக்கும். அதையும் தப்போடு சேர்த்துப் பார். அதுதான் அடுத்த பரீட்சையில் காலை வாரும்.

உனக்கு மூளை இருக்கிறது. இல்லாதவனுக்கு நான் இவ்வளவு நீளமாக எழுதமாட்டேன்.

பரமநாதன்.’

விடைத்தாளை எடு என்ற வரிக்கு வந்ததும் பாக்கியசாமி அங்கேயே நின்றுவிட்டான். ஏனென்றால் விடைத்தாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு வின்சென்ட் அதை அடுப்பில் போட்டிருந்தார். தப்பு எழுதிய தாள் வீட்டில் இருந்தால் அதையே பார்த்துப் பார்த்துப் புத்தி கெடும் என்பது அவர் கட்சி. அவர் கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர். பயந்தவர்கள் எதையாவது எரிப்பார்கள்.

சனிக்கிழமைக்கு நாலே நாள். மருந்துச் சீட்டு வந்துவிட்டது, மருந்துதான் சாம்பலாகிப் போயிற்று. பாக்கியசாமி கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கோயில் சுவரோரம் போய் நின்று அழுதான். எல்லாம் முடிந்துபோயிற்று என்று நிச்சயமாக நம்பினான். அந்த வயதில் அப்படி நம்புவது சுலபம். அவன் விஷயத்தில் அது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்தது.

அழுது முடித்த பிறகுதான் கேள்வித்தாள் இருப்பது ஞாபகம் வந்தது. அச்சடித்த தாள் என்பதால் தகப்பனார் அதை மதித்து விட்டுவைத்திருந்தார். சரி, தப்பு எரிந்துபோனால் என்ன, செய்தவன் இருக்கிறானே என்று நினைத்தான். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வராமல் எஸ்பிளனேடு பக்கம் போய்க் கடற்சுவரில் உட்கார்ந்து, இருபத்தைந்து தடவை எழுதிய நோட்டைத் தொடாமல், முதல் கணக்கிலிருந்து வெற்றுத்தாளில் போட ஆரம்பித்தான். பரீட்சையில் போட்டது போலவே வேகமாய்ப் போட்டான்.

முதல் கணக்கு வெள்ளைக்காரன் நிறை: மூன்று ஹண்டர்வெயிட், இரண்டு குவார்ட்டர், பதினாலு ராத்தல். மொத்தம் எத்தனை ராத்தல்? முந்நூறு, ஐம்பது, பதினாலு. முந்நூற்று அறுபத்து நாலு என்று கை எழுதி முடித்தது. நோட்டைத் திறந்து பார்த்தான். நானூற்று ஆறு என்று இருபத்தைந்து வரி நின்றது. இருபத்தைந்து தடவை எழுதிய கை, மூன்றாம் வாரம் பழைய இடத்துக்கே போய் நின்றுவிட்டது. எரித்த தப்பு எரியவே இல்லை, பத்திரமாக அவனுக்குள்ளேயே இருந்தது.

விரலை வைத்து வாய்விட்டுச் சொன்னான். “ஒரு ஹண்டர் நூறு.” சொன்னதும் திக்கென்றது. ஒரு ஹண்டர்வெயிட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு ராத்தல் என்பது அவனுக்குத் தெரியாததா? தூக்கத்தில் எழுப்பி வாய்ப்பாடு கேட்டாலும் சொல்வான். பரீட்சைக்கு முந்தின நாள்கூடச் சொன்னான். ஆனால் வாய் வாய்ப்பாட்டைச் சொல்லும், கணக்குப் போடும்போது கை நூறைத்தான் பிடிக்கும். அந்த நூறு எங்கிருந்து வந்தது? அது எந்தக் கேள்விக்குச் சரியான விடை?

நூறு காட்டி ஒரு பிக்குல். கேள்வி அதுதான். பினாங்கில் சந்தை, கிட்டங்கி, கப்பல்துறை எல்லாம் பேசுகிற நிறை. சின்ன வயதில் தகப்பனாருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ரப்பர்ப் பொதியின்மேல் உட்கார்ந்து டாச்சிங் கோலில் குண்டு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்போது அவர் சொல்லிக்கொடுத்தது: நூறு காட்டி ஒரு பிக்குல், அதைத்தான் வெள்ளைக்காரன் ஹண்டர்ங்கிறான், பேரிலேயே நூறு இருக்கு பார். கால் பிக்குல் இருபத்தஞ்சு, அதுக்குக் குவார்ட்டர்னு பேர்.

குவார்ட்டர் இருபத்தெட்டு ராத்தல் என்று புத்தகத்தில் இருக்கிறது. அவன் கை இருபத்தைந்து போட்டது. டன்னுக்கு இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது. அவன் கை இரண்டாயிரம் போட்டது. நிறை வந்த கணக்கு நாலும் அந்த ஒரே வேரில் முளைத்தவை. இரண்டு கணக்குகள் இப்போது தானாகச் சரியாய் வந்தன. அவை நேரம் போதாமல் அவசரத்தில் கெட்டவை. மிச்சம் மூன்று வட்டிக் கணக்கு. அவை விடைக்கு வெகு அருகில் வந்து ஒரு மயிரிழையில் தவறின. எவ்வளவு முட்டிப் பார்த்தும் அவற்றுக்குக் காரணம் பிடிபடவில்லை. வியாழன் முழுக்க முட்டினான். மூன்று வட்டிக் கணக்கு போனால் தேற முடியாது. அந்த மூன்றுக்குப் பக்கத்தில் பழையபடி கவனக்குறைவு என்று எழுதிவிடக் கை துறுதுறுத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வின்சென்ட் பிடித்துவிட்டார். மூன்று நாளாக மகன் முழங்கால் போடவில்லை, இருபத்தைந்து தடவை எழுதவில்லை, வெற்றுத்தாளில் என்னவோ கிறுக்கிக்கொண்டு வாயில் முணுமுணுக்கிறான். என்ன இது என்றார். கடிதத்தைக் காட்டினான். வின்சென்ட் எழுத்துக் கூட்டிப் படித்தார். பாவத்தைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் முகம் சிவந்தது. கோயிலைக் கேலி பண்ணுகிறான் அந்த யாழ்ப்பாணத்தான், நாளைக்குப் பரீட்சையை வைத்துக்கொண்டு தப்பையே மோந்து பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறான், இவனை நம்பி நீ நாசமாய்ப் போ என்று கத்தினார். அக்னஸ் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு மூலைக்குப் போய்விட்டாள்.

அந்த நூறு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லலாமா வேண்டாமா என்று பாக்கியசாமிக்கு இரண்டு மனம். வேலையும் போய், பெண்டாட்டியும் போய், ஊரும் போகப்போகிற மனிதரிடம் இதையும் சொல்வதா? ஆனால் வட்டிக் கணக்குத் தப்பின் வேரும் அவரிடமே இருக்கலாம்; சொல்லாவிட்டால் அந்த மூன்று கணக்கும் கையை விட்டுப் போகும். கடைசியில் கேட்டுவிட்டான்.

“அப்பா, ஒரு ஹண்டர்வெயிட்டுக்கு எத்தனை ராத்தல்?”

“நூறு. பேரிலேயே இருக்கே.”

“நூத்திப் பன்னெண்டுப்பா.”

வின்சென்ட் சிரிக்கப் பார்த்தார். பிறகு மகன் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான். அவர் பார்த்தார். புத்தகத்தை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தார். இருபது வருஷம் டாச்சிங் பிடித்த மனிதர். பிக்குலில் ஒரு காட்டி பிசகியதில்லை. ஹண்டர்வெயிட்டில் அவர் ஒருநாளும் நிறுத்ததில்லை, அது ஆபீஸில் உட்கார்ந்திருந்த துரைமார் எழுதிய நிறை. காதில் விழுந்த பெயரைத் தம் பிக்குலுக்கு இன்னொரு பெயர் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டதை ஆசையாய் மகனுக்கும் கொடுத்தார்.

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். மகன் முழங்கால் போட்டு எழுதுகிற அந்த இடத்திலேயே உட்கார்ந்தார். சிமெண்டைக் கையால் தடவிப் பார்த்தார். பாக்கியசாமி சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்துத் தன்னையே சபித்துக்கொண்டான்.

“நான் சொல்லித் தந்ததுக்கு உன்னையவே முட்டி போட வச்சேன்,” என்றார் வின்சென்ட். அப்புறம் தலையைத் தூக்கினார். “வேற என்னென்னடா சொல்லித் தந்தேன்? எல்லாத்தையும் கேளு. ஒண்ணு விடாமக் கேளு.”

கேட்டான். கேம்பிரிட்ஜ் படிக்கிற மகன் கேட்க, டாச்சிங் பிடித்த தகப்பன் பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி பதில் சொன்னார். காட்டிக்குத் தாகில் எத்தனை, அரிசி அளக்கும் கந்தாங்குக்குப் படி எத்தனை, கஜத்துக்கு முழம் எத்தனை என்று ஒவ்வொன்றாகப் புத்தகத்தோடு ஒப்பிட்டார்கள். அவையெல்லாம் சரியாயிருந்தன. கடைசியில் வட்டிக் கணக்கை எடுத்தான். மார்ச் மூன்றாம் தேதியிலிருந்து மே பதினைந்தாம் தேதி வரை எத்தனை நாள் என்று கேட்டான்.

வின்சென்ட் விரல் விட்டு எண்ணினார். எழுபத்து நாலு என்றார்.

பாக்கியசாமிக்கும் அதே எழுபத்து நாலுதான் வந்திருந்தது. இப்போது புத்தகத்தின் விதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எழுபத்து மூன்று. எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டான். சரக்கு உள்ளே வருகிற நாள் ஒரு நாள், வெளியே போகிற நாளும் ஒரு நாள், இரண்டையும் சேர்த்துத்தான் கிட்டங்கி வாடகை என்றார் அவர். வட்டிக்கு அப்படி இல்லை. கடன் கொடுத்த நாளைச் சேர்ப்பதில்லை, மறுநாளிலிருந்துதான் எண்ண வேண்டும். எழுபத்து மூன்று என்றால் வருஷத்தில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. கணக்கு வெண்ணெய் மாதிரி இறங்கிவிடும். எழுபத்து நாலு என்றால் பின்னத்தில் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். மூன்று வட்டிக் கணக்கிலும் அந்த ஒரு நாள் கூடிப்போயிருந்தது. அக்கம்பக்கத்தில் யார் நாள் எண்ணினாலும் அப்படித்தான் எண்ணினார்கள், அதனால் அவனாக எவ்வளவு தேடியும் அது தப்பு என்று கண்ணில் படவே இல்லை.

அன்றைக்கு அவர்கள் சாப்பிடக்கூட மறந்துபோனார்கள். வெற்றுத்தாளில் அவன் போட, வின்சென்ட் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கை நூறு பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை போயிற்று. “டேய், கிட்டங்கிக்குப் போறே,” என்றார். பாக்கியசாமி அதை அடித்துவிட்டு நூற்றுப் பன்னிரண்டு போட்டான்.

சனிக்கிழமை மறுபரீட்சை. காலியான வகுப்பறை, ஒரே ஒரு பையன், மேசையில் பிரதர். நிறைக் கணக்கு இரண்டு வந்தது, வட்டிக் கணக்கு இரண்டு வந்தது. நூறு என்று கை ஓடும்போதெல்லாம் தகப்பனார் பக்கத்தில் இருப்பது போலவே நினைத்துக்கொண்டான். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, தேறினோமா இல்லையா என்று ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பிரதர் கூப்பிட்டுத் தாளை நீட்டினார். இந்தத் தடவை உன்னுடைய ஹண்டர்வெயிட் ஒழுங்காக இருக்கிறதே, யார் கஷாயம் காய்ச்சி ஊற்றினார்கள் என்று கேட்டுவிட்டு, அவன் கண்ணெதிரிலேயே பட்டியலில் அவன் பெயரை எழுதினார்.

வீட்டுக்கு ஓடினான். வின்சென்ட் கப்பலுக்காகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். பெயர் கேம்பிரிட்ஜுக்குப் போகிறது என்றதும் எழுந்து மகன் தலையில் கையை வைத்தார். உதடு கோணியது. சந்தோஷமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு குனிந்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த மகனுடைய இரண்டு சட்டைகளையும் வேட்டியையும் வெளியே எடுத்துக் கட்டில்மேல் வைத்தார்.

அக்னஸ் அதைப் பார்த்தாள். நவநாள் பலித்த மகிழ்ச்சியில் குதித்துக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள்.

“ஏன்பா அண்ணன் துணிய வெளிய எடுக்கிறீங்க?”

அண்ணன் பாஸ் பண்ணிவிட்டான், அதனால் இங்கேயே அத்தை வீட்டில் இருப்பான் என்று வின்சென்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் தகப்பனையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பாஸ் பண்ணினாத்தான் நம்மகூடக் கப்பல்ல வருவான்னு நெனச்சு வேண்டிக்கிட்டேன்,” என்றாள்.

பாஸ் பண்ணினால் அண்ணன் இங்கேயே தங்கிவிடுவான் என்று யாருமே அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் இரண்டு ஆண்களுக்கும் உறைத்தது. பாக்கியசாமி பட்டியலையும் பிரதரையும் டிசம்பரையும் மறந்து தங்கச்சியை இழுத்து அணைத்துக்கொண்டான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வின்சென்ட் பெட்டியை மூடாமலே அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். கப்பலுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.